கண்ணின் குறுக்கே காற்றில் விழுந்த முடி: தோலைக் கெடுக்காமல் எடுப்பது எப்படி?

சாரல்:
வணக்கம். தங்கையை ஒரு திறந்த வெளியில் வைத்து மாலை வெயிலில் எடுத்த படம் இது. 85 மி.மீ லென்ஸ், f/1.8, ஷட்டர் 1/500. காற்று பலமாக இருந்தது. ஒன்பது படங்களைத் தொடர்ச்சியாக எடுத்ததில் ஆறாவதில்தான் அவள் உண்மையாகச் சிரிக்கிறாள். அந்தப் படத்தில்தான் முடியும் முகத்தில் வந்து விழுந்திருக்கிறது. மூன்று இடங்களில் பிரச்சினை. இடது கன்னத்தில் ஒற்றை முடி ஒன்று வளைந்து போகிறது. புருவத்திலிருந்து மூக்கு வரை நான்கைந்து முடி சேர்ந்த ஒரு கொத்து, வலது கண்ணின் கருவிழி மேலேயே போகிறது. உதட்டின் மேல் இன்னொன்று, அது மங்கலாகப் பட்டையாகத் தெரிகிறது.

ஃபோட்டோஷாப்பில் ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன். கன்னத்தில் ஓரளவு போனது. கண்ணருகே போனதும் இமை முடியும் தோலும் கலந்து ஒரு அழுக்குக் கறை மாதிரி ஆகிவிட்டது. தங்கை ஊருக்குத் திரும்பிவிட்டாள், மறுபடி எடுக்க வழியில்லை. இந்தச் சிரிப்பை விட மனசில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கூர்முனை:
ஃப்ரீக்வென்சி செபரேஷன் செய்யுங்கள். படத்தை இரண்டு லேயராகப் பிரித்து, மேலே நுண்விவரம், கீழே நிறம். முடி நுண்விவரம்தானே, மேல் லேயரில் மட்டும் க்ளோன் செய்தால் நிறம் கெடாமல் முடி போய்விடும். கண்ணுக்கு இன்னும் சுலபம். இடது கண் சுத்தமாக இருக்கிறது என்றால் அதை வெட்டி, இடவலமாகத் திருப்பி, வலது கண்ணின் மேல் ஒட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

மழைமேகம்:
எனக்கும் இதே தொல்லை. தலையைச் சுற்றி வானத்துக்கு எதிரே பறக்கும் முடிகளைப் பின்னணி நிறத்தை எடுத்துப் பெரிய மென்மையான பிரஷ்ஷால் பூசிவிடுவேன். பின்னணி மங்கலாக இருந்தால் யாருக்கும் தெரியாது. அதையே செய்யுங்கள்.

தூரிகைக்காரி:
மழைமேகம், நீங்கள் சொல்வது தலையின் விளிம்பில் பறக்கும் முடிக்கு. அங்கே பின்னால் இருப்பது மங்கலான பின்னணி, எதைப் பூசினாலும் பொருந்தும். சாரல் கேட்பது முகத்தின் மேல் விழுந்த முடி. அதன் அடியில் தோலின் துளைகள், இமை, கருவிழி எல்லாம் இருக்கின்றன. அங்கே பெரிய பிரஷ்ஷை வைத்தால் முகம் மெழுகு பூசியது போல ஆகும்.

சாரல், வழி சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். படத்தை 100 சதவீதத்தில் வைத்து வலது கண்ணைப் பாருங்கள். கூர்மையாக இருப்பது கருவிழியா, அதன் முன்னால் போகும் முடியா? கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ்கூட சில சமயம் கண்ணுக்கு முன்னால் உள்ள முடியைப் பிடித்துக்கொள்ளும். f/1.8-இல் அந்த ஒரு சென்டிமீட்டர் வித்தியாசமே கருவிழியை மங்கலாக்கப் போதும். அப்படியென்றால் முடியை எடுத்த பிறகு மிஞ்சுவது மங்கலான கண்தான், அதில் உழைப்பது வீண். இன்னொன்று, அந்த ஒன்பது படங்களும் அழிக்காமல் இருக்கின்றனவா?

சாரல்:
கருவிழி கூர்மையாக இருக்கிறது அக்கா. இமை முடி ஒவ்வொன்றாக எண்ணலாம். கொத்து கொஞ்சம் மட்டுமே மென்மையாகத் தெரிகிறது. ஒன்பதும் இருக்கின்றன. நான்காவது படத்தில் வலது கண் முழுதும் சுத்தம், ஆனால் சிரிப்பு இல்லை. தலையும் ஏறக்குறைய அதே நிலைதான்.

தூரிகைக்காரி:
நல்லது, அப்போது காப்பாற்றலாம். உங்களிடம் இருப்பது மூன்று வேறு வேறு பிரச்சினைகள். மூன்றையும் ஒரே கருவியால் தேய்த்ததால்தான் கறையானது. கன்னத்திலிருந்து தொடங்கி கைக்குப் பழக்கிக்கொண்டு, கண்ணைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலி லேயர் ஒன்றைப் போட்டு, எல்லா வேலையையும் அதன் மேல் செய்யுங்கள். க்ளோன் ஸ்டாம்ப்பிலும் ஹீலிங் பிரஷ்ஷிலும் மேலே `Sample` என்ற இடத்தில் `Current & Below` வைத்துக்கொண்டால் கீழ் லேயரிலிருந்து எடுத்து மேல் லேயரில் பூசும். தவறினால் அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம்.

ஹீலிங் பிரஷ் ஏன் கறை போடுகிறது என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது நீங்கள் இழுத்த கோட்டின் ஓரங்களில் என்ன நிறம் இருக்கிறதோ அதை உள்ளே கலந்து பூசுகிறது. கன்னத்தின் நடுவில் சுற்றிலும் தோல் மட்டுமே இருப்பதால் அழகாகப் பொருந்தும். அதே கோடு ஒரு முனையில் இமை முடியையோ புருவத்தையோ தலைமுடியையோ தொட்டுவிட்டால் அந்தக் கருமை முழுக்க உள்ளே கசிந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

அதனால் முதலில் முடியை இரண்டு முனையிலும் 'வெட்ட' வேண்டும். கன்னத்து முடி எங்கே தலைமுடியோடு சேர்கிறதோ, அந்த இடத்தில் க்ளோன் ஸ்டாம்ப்பால் ஒரு சின்ன இடைவெளி உண்டாக்குங்கள். மறுமுனை மூக்கோரத்தில் நிழலைத் தொட்டால் அங்கேயும் ஒன்று. க்ளோன் அப்படியே நகல் எடுக்கும், ஓர நிறத்தை உள்ளே கலக்காது. இப்போது நடுவில் தனித்து நிற்கும் முடியை ஹீலிங் பிரஷ்ஷால் எடுத்தால் கறை வராது.

பிரஷ் அளவு முக்கியம். உங்கள் படம் 24 மெகாபிக்சல் என்றால், முகம் இந்த அளவு நெருக்கத்தில் ஒற்றை முடி இரண்டு மூன்று பிக்சல்தான் இருக்கும். பிரஷ் ஐந்தாறு பிக்சல் போதும். எல்லோரும் இருபது முப்பது வைத்துத் தேய்க்கிறார்கள், அப்போது முடியோடு அதன் இரண்டு பக்கமும் இருந்த நல்ல தோலும் போய்விடுகிறது. மாதிரி எடுக்கும் இடம் முடிக்குப் பக்கத்திலேயே இருபது பிக்சல் தள்ளி இருக்கட்டும். கன்னத்தில் வெளிச்சம் மூக்கிலிருந்து காது நோக்கிக் குறைந்துகொண்டே போகும். தள்ளி எடுத்தால் அந்த வித்தியாசம் கோடாகத் தெரியும்.

கூர்முனை, ஃப்ரீக்வென்சி செபரேஷன் பற்றி: நீங்கள் சொன்னது ஒற்றை முடிக்குப் பெரும்பாலும் சரி. கொத்து பத்து பிக்சல் அகலம் இருக்கும். அவ்வளவு அகலமான கருமை மேல் லேயரோடு நிற்காது, மங்கலாக்கிய கீழ் லேயரிலும் ஒரு பட்டையாக இறங்கியிருக்கும். மேலே மட்டும் எடுத்தால் முடியின் ஆவி மாதிரி ஒரு சாம்பல் தடம் நிற்கும். கீழேயும் எடுக்க வேண்டும் என்றால் இரண்டு வேலை. இங்கே அது தேவையில்லை.

கூர்முனை:
சரி, தடம் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன், மங்கலாக்கும் ரேடியஸைக் கூட்டினால் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

தூரிகைக்காரி:
கூட்டினால் முடி முழுதும் மேல் லேயருக்கு வரும், உண்மைதான். ஆனால் கன்னத்தின் ஒளி நிழலும் கூடவே மேலே வந்துவிடும். பிறகு க்ளோன் செய்யும்போது நிறம் கெடாது என்ற வசதியே இல்லாமல் போகிறது.

சாரல்:
கன்னம் முடிந்தது, நம்ப முடியவில்லை. வெட்டிவிட்டு எடுத்ததும் கறையே வரவில்லை. ஆனால் இரண்டு சிக்கல். முடி போன பிறகு அதன் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது, சுருக்கம் மாதிரி. அந்த இடத்தில் முடியே இல்லை. அப்புறம் க்ளோன் ஸ்டாம்ப்பில் `Lighten` மோட் வைத்துக்கொள் என்று நண்பர் சொன்னதால் வைத்தேன். முடியில் பாதி போகிறது, வெயில் பட்டுப் பளபளக்கும் பாதி அப்படியே நிற்கிறது.

தூரிகைக்காரி:
அந்தக் கோடு முடியின் நிழல். வெயில் பக்கத்திலிருந்து வந்தால் தோலை ஒட்டிக் கிடக்கும் ஒவ்வொரு முடிக்கும் வெயிலுக்கு எதிர்ப் பக்கம் ஒரு நிழல் விழும். முடி இருக்கும்வரை கண் அதைக் கவனிக்காது. முடி போனதும் நிழலுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போகிறது, அதனால் கீறலாகவோ சுருக்கமாகவோ படிக்கிறோம். அதையும் எடுத்தே ஆக வேண்டும். இன்னொரு பிரஷ் அளவு வைத்துக்கொண்டு, க்ளோன் ஒபாசிட்டியை 30 சதவீதமாக்கி, `Lighten` மோடில் இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்தால் கரைந்துவிடும்.

`Lighten` மோட் நல்ல யோசனை, நண்பருக்கு நன்றி சொல்லுங்கள். மாதிரி எடுத்த தோலைவிடக் கருமையான பிக்சலை மட்டும் அது மாற்றும். கறுப்பு முடி போகும், வெளிச்சமான தோல் அப்படியே இருக்கும். ஆனால் வெயிலில் பளபளக்கும் பகுதி தோலைவிட வெளிச்சமானது, அதை `Lighten` தொடாது. அந்த இடத்துக்கு `Darken` மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே முடியில் கறுப்பாக ஓர் அங்குலம், பளபளப்பாக ஓர் அங்குலம் என்று மாறி மாறி வரும். அதற்கேற்ப மாற்றி மாற்றி இழுக்க வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை: `Lighten` மோடில் ஒரே இடத்தில் பல முறை தேய்த்தால் தோல் துளைகளின் கருமையும் போய் அந்தத் தடம் மட்டும் வழவழப்பாகிவிடும்.

உதடு: அங்கே க்ளோனும் வேண்டாம், ஹீலும் வேண்டாம். மங்கலான பட்டை என்று நீங்களே சொன்னீர்கள். அந்த முடி உதட்டுக்கு முன்னால் தள்ளிப் பறக்கிறது, அதனால் ஃபோகஸில் இல்லை. ஃபோகஸில் இல்லாத முடி ஒரு மெல்லிய கறுப்புக் கண்ணாடி போல. பெரிதாக்கிப் பாருங்கள், அதன் அடியில் உதட்டு வரிகள் தெரியும். விவரம் இருக்கிறது, இருட்டாக இருக்கிறது, அவ்வளவுதான். இருப்பதை அழித்துவிட்டு வேறொன்றை ஒட்டுவதைவிட அதை வெளிச்சமாக்குவது மேல்.

ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு நடுவில் கொஞ்சம் தூக்குங்கள். மாஸ்க்கை `Ctrl+I` அழுத்திக் கறுப்பாக்குங்கள். பட்டையின் அகலத்துக்கு மென்மையான வெள்ளைப் பிரஷ், `Flow` 8 சதவீதம், பட்டையின் வழியே மெதுவாகப் பூசிக்கொண்டே வாருங்கள். சுற்றியுள்ள உதட்டோடு வெளிச்சம் சமமானதும் நிறுத்துங்கள். இப்போது அந்த இடம் கொஞ்சம் வெளிறி, சிவப்பு குறைந்து தெரியும். அதன் மேல் இன்னொரு காலி லேயர், மோட் `Color`, பக்கத்து உதட்டு நிறத்தை எடுத்து லேசாகப் பூசுங்கள்.

ஆல்பக்காரர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கிம்ப் உபயோகிக்கிறேன். என் மகளுடைய படத்திலும் இப்படித்தான், ஆனால் அவள் கண்ணாடி போட்டிருக்கிறாள். முடி கண்ணாடிக்கு வெளியே விழுந்திருக்கிறது, அதன் பிரதிபலிப்பும் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. முடியை எடுத்துவிட்டேன், கண்ணாடிக்குள் இன்னொரு முடி இருப்பது மாதிரி இருக்கிறது. இதை எடுப்பதா விடுவதா? மேலே சொன்ன மோட் எல்லாம் கிம்ப்பில் உண்டா?

தூரிகைக்காரி:
மோட் உண்டு. க்ளோன் கருவியைத் தேர்ந்தால் `Mode` பட்டியலில் `Lighten only`, `Darken only` என்று இருக்கும். ஆனால் அங்கே இந்த மோட்களுக்குக் காலி லேயர் உதவாது, படத்தின் நகல் லேயர் ஒன்றைப் போட்டு அதன் மேல் செய்யுங்கள். வெட்டிவிட்டு நடுவை எடுக்கும் முறை அங்கேயும் அதேதான்.

பிரதிபலிப்பைக் கட்டாயம் எடுங்கள். பிரதிபலிப்பு வெளிச்சத்தின் மேல் இன்னொரு வெளிச்சமாக விழுவதால் பெரும்பாலும் `Darken only` மோட்தான் உதவும். பிரதிபலிப்பு கருவிழியின் மேல் விழுந்திருந்தால் கடினம், படத்தைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

கூர்முனை:
இடது கண்ணைத் திருப்பி ஒட்டுவதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே. நான் இரண்டு மூன்று படத்தில் செய்திருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தூரிகைக்காரி:
முகம் நேராக இருந்து, வெளிச்சமும் நேரே முன்னாலிருந்து வந்திருந்தால் தப்பித்துவிடலாம், உங்கள் படங்கள் அப்படி இருந்திருக்கும். சாரலின் படத்தில் வெயில் பக்கத்திலிருந்து வருகிறது, தலையும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. கண்ணில் மின்னும் வெளிச்சப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். திருப்பினால் ஒன்று பத்து மணி நிலையில், மற்றொன்று இரண்டு மணி நிலையில் என்று எதிரும் புதிருமாகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் முகம் உறுத்தும். திரும்பிய முகத்தில் தூரத்துக் கண் ஒடுங்கலாகத் தெரியும் என்பதும் உண்டு. இமை முடி நாலைந்தைக் கடன் வாங்க மட்டும் மற்றக் கண்ணைத் திருப்பலாம்.

இந்தக் கண்ணுக்கு நான் செய்வது இரண்டு இடத்திலிருந்து எடுப்பது. இமையும் புருவமும் நான்காவது படத்திலிருந்து, கருவிழி இதே கண்ணின் சுத்தமான பகுதியிலிருந்து.

சாரல், நான்காவது படத்தை ஆறாவதன் மேல் வைத்து ஒபாசிட்டி 50 சதவீதமாக்குங்கள். தானாகப் பொருத்தும் வசதி பின்னணியையும் உடையையும் வைத்துக்கூடப் பொருத்திவிடும், உங்களுக்குப் பொருந்த வேண்டியது கண் மட்டும். `Ctrl+T` அழுத்தி, கண்ணின் இரண்டு ஓரங்களும் ஒன்றன் மேல் ஒன்று வரும்வரை நகர்த்தி, ஓரிரண்டு டிகிரி திருப்பிப் பாருங்கள். பொருந்தியதும் ஒபாசிட்டியை 100 ஆக்கி, கறுப்பு மாஸ்க் போட்டு, கொத்து போகும் இடத்தில் மட்டும் வெள்ளையால் திறந்துவிடுங்கள்.

சாரல்:
செய்தேன். புருவமும் மேல் இமையும் அற்புதமாகப் பொருந்தின. இமை முடி ஒன்று இரட்டையாக வந்தது, மாஸ்க்கில் மூடிவிட்டேன். பொருந்தியது பார்த்து ஆசை வந்து கருவிழியையும் நான்காவதிலிருந்தே திறந்துவிட்டேன். இப்போது அவளுக்கு லேசாக மாறுகண் மாதிரி இருக்கிறது. அளந்து பார்த்தால் கருவிழி நான்கு பிக்சல்தான் தள்ளியிருக்கிறது. நான்கு பிக்சலுக்கா இவ்வளவு?

தூரிகைக்காரி:
ஆமாம். அதனால்தான் இமை மட்டும் என்றேன். இந்த அளவு படத்தில் கருவிழி மொத்தமே 120 பிக்சல் சுற்றளவில்… திருத்தம், 120 பிக்சல் அகலத்தில் இருக்கும். அதில் நான்கு பிக்சல் என்பது பார்வை வேறு திசைக்குப் போனது. மனிதர்கள் எதிராளி எங்கே பார்க்கிறார் என்பதை அவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறோம். தோலில் நான்கு பிக்சல் யாருக்கும் தெரியாது.

கருவிழியைப் பழையபடி மூடிவிடுங்கள். கொத்து கருவிழியில் எங்கிருந்து எங்கே போகிறது, கடிகார முள் கணக்கில் சொல்லுங்கள்.

சாரல்:
12 மணியில் நுழைந்து, கருவிழியின் நடுவில் உள்ள கறுப்புப் பாப்பாவுக்கு வலப்பக்கமாக இறங்கி, 4 மணியில் வெளியே போகிறது. பாப்பாவின் ஓரத்தைத் தொடுகிறது. வெளிச்சப் புள்ளி 10 மணியில் இருக்கிறது, தப்பிவிட்டது.

தூரிகைக்காரி:
வெளிச்சப் புள்ளி தப்பியது பெரிய அதிர்ஷ்டம். கருவிழியில் கோடுகள் பாப்பாவிலிருந்து வெளிவட்டம் நோக்கிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி போகும். பக்கவாட்டில் எடுத்து ஒட்டினால் ஆரங்கள் குறுக்கே போகும், கண்ணாடிக் கண் போலத் தெரியும். அதனால் எடுக்கும் பகுதியைச் சுழற்ற வேண்டும்.

`Window` மெனுவில் `Clone Source` பலகையைத் திறங்கள். அங்கே கோணம் கொடுக்க ஒரு பெட்டி இருக்கிறது. `Show Overlay` டிக் செய்தால் எடுக்கப்போவது எப்படிச் சுழன்று விழும் என்று முன்னாலேயே தெரியும். 7 மணி நிலையில் சுத்தமான பகுதியில் மாதிரி எடுங்கள், பாப்பாவிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 3 மணிப் பகுதியில் அதே தூரத்தில் வைத்து, ஆரங்கள் சரியான திசையில் விழும்வரை கோணத்தை மாற்றுங்கள். 120 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். பிறகு சின்னச் சின்னத் தொடுதலாகப் பூசுங்கள். 1 மணிப் பகுதிக்குக் கோணம் மாறும், மறுபடி பொருத்துங்கள்.

இரண்டு விஷயம் அப்புறமும் மிஞ்சும். கருவிழியின் மேல் பாதி மேல் இமையின் நிழலில் இருப்பதால் கீழ்ப் பாதியைவிட இருட்டு. கீழிருந்து எடுத்ததை மேலே ஒட்டினால் அந்த இடம் மட்டும் ஒளிரும். கர்வ்ஸ் லேயரால் அதை இறக்குங்கள். கடைசியாகப் பாப்பாவின் ஓரமும் கருவிழியின் வெளிவட்டமும். பாப்பாவை வட்ட செலக்‌ஷனால் எடுத்து, ஓரத்தை ஒரு பிக்சல் மென்மையாக்கி, பாப்பாவின் கருமையையே பூசுங்கள். சுத்தக் கறுப்பு வேண்டாம், அது துளை மாதிரி தெரியும். வெளிவட்டம் தானாகவே கொஞ்சம் மங்கல், அதை ஊசிமுனையாக்காதீர்கள்.

வெளிச்சம்85:
நான் எடுக்கும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், அடுத்த முறைக்கு. முடி முகத்துக்கு வருகிறது என்றால் காற்று பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வருகிறது. ஆளைக் காற்றுக்கு எதிரே திருப்பினால் முடி தானாகப் பின்னால் போகும். வெயிலுக்காக நிற்க வைத்த இடம் காற்றுக்கு ஒத்துவராது, அதுதான் சண்டை. அப்போது நான் செய்வது இது: தலையைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருக்கச் சொல்வேன். "இப்போ" என்றதும் கேமரா பக்கம் திரும்ப வேண்டும். திரும்பிய முதல் ஒரு வினாடி முடி இன்னும் பின்னால்தான் இருக்கும், அந்த வினாடியில் தொடர்ச்சியாக எடுப்பேன். காற்று ஒரே வேகத்தில் அடிப்பதில்லை, வீசி ஓயும். பக்கத்துச் செடியைப் பார்த்தால் ஓயும் நேரம் தெரியும்.

சிரிப்பு வந்த நொடியோடு நிறுத்தாமல் முடி விலகும்வரை இன்னும் நாலு படம் எடுத்து வையுங்கள். நான்காவது படம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் புருவத்தைக் கையால் வரைந்திருக்க வேண்டும். இன்னொன்று, உதட்டில் பளபளப்புப் பூசியிருந்தால் முடி அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய முடியை ஒவ்வொரு முறையும் கையால் எடுக்கச் சொல்ல வேண்டும்.

மழைமேகம்:
நான் தலைப்பைச் சரியாகப் படிக்காமல் பதில் போட்டுவிட்டேன், மன்னிக்கவும். ஒரு கேள்வி மட்டும். கன்னத்து முடியை எதற்கு எடுத்தீர்கள்? முதலில் போட்ட படத்தைப் பார்த்தேன். காற்று அடிக்கிறது என்பதைச் சொன்னதே அதுதான். தலையில் முடி பறக்கிறது, முகத்தில் ஒன்றுகூட இல்லை என்றால் எனக்கு இயல்பாகத் தெரியவில்லை.

தூரிகைக்காரி:
கண்ணையும் உதட்டையும் மறைப்பதை எடுத்தே ஆக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கன்னத்து முடி பற்றி எனக்கு ஒரு கணக்கு உண்டு. அது தலைமுடியிலிருந்து கிளம்பி, கன்னத்தின் வளைவை ஒட்டிப் போய், காதுப் பக்கமே முடிந்தால் விட்டுவிடுவேன். இவருடைய படத்தில் அது மூக்கு வரை வந்து முகத்தை இரண்டாக வெட்டியது. அதனால் எடுக்கச் சொன்னேன்.

வெளிச்சம்85:
எனக்கு மழைமேகம் சொல்வதுதான் சரி. முழுதும் எடுக்காமல் மூக்குப் பக்க நுனியை மட்டும் எடுத்து, கன்னத்தில் பாதி முடியை விட்டிருக்கலாம்.

தூரிகைக்காரி:
பாதியில் நிறுத்தினால் நுனி இயற்கையாக மெலிய வேண்டும். வெட்டிய நுனி மழுங்கலாக நிற்கும், அது முடி மாதிரியே இருக்காது. மாஸ்க்கில் மெல்ல மங்கவைத்துச் செய்யலாம், ஆனால் வெயிலில் கூர்மையாக இருக்கும் முடி நடுக் கன்னத்தில் கரைந்து போவது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் செய்து காட்டினால் பார்க்கிறேன்.

சாரல்:
கண் முடிந்தது. மூன்று மணி நேரம் ஆனது, அதில் இரண்டு மணி நேரம் கருவிழிக்கு மட்டும். சுழற்றி எடுத்ததும் ஆரங்கள் சரியாக விழுந்தன. மேல் பாதியை இருட்டாக்கியதும் கண் உட்கார்ந்துவிட்டது. மாறுகண் போய்விட்டது. இரண்டு இமை முடியை மட்டும் இரண்டு பிக்சல் பிரஷ்ஷால் கையால் வரைந்தேன், அடியில் தடிப்பு, நுனியில் மெலிவு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கான்ட்ராஸ்ட்டைச் செங்குத்தாக ஏற்றிப் பார்த்தேன். கன்னத்தில் முடி இருந்த வழியே இன்னும் ஒரு வளைந்த தடம் தெரிகிறது. லேயரை எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியவில்லை. இதை விட்டுவிடலாமா?

தூரிகைக்காரி:
அந்தச் சோதனை லேயர் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும், அதில் தெரிவதையெல்லாம் துரத்தினால் தோலே மிஞ்சாது. இப்படிப் பாருங்கள். சோதனை லேயரை எடுத்துவிட்டு, படத்தை இடவலமாகத் திருப்பி, திரையில் ஒரு சாண் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அப்போதும் தடம் தெரிந்தால் எடுங்கள், `Flow` 5 சதவீதத்தில் கர்வ்ஸ் மாஸ்க் போதும். பெரிதாக அச்சிடப் போகிறீர்களா?

சாரல்:
ஆமாம் அக்கா, சுவரில் மாட்டும் அளவுக்கு. திருப்பிச் சிறிதாக்கிப் பார்த்தால் தெரியவில்லை. 100 சதவீதத்தில் வைத்தால் எனக்குத் தெரிகிறது. அங்கே முடி இருந்தது என்று எனக்குத் தெரிவதாலா என்று சொல்லத் தெரியவில்லை. படத்தைப் பார்த்திராத ஒருவரிடம் காட்டிவிட்டு வருகிறேன். வெளிச்சம்85, கன்னத்து முடி தனி லேயரில்தான் போனது, அதை அணைத்தால் முடி திரும்ப வருகிறது. நுனியை மட்டும் மெலியவைத்து ஒன்றும் செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே போடுகிறேன்.